குழாயைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம்

கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில், கழிவுக் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி மட்டும் மஞ்சள் வட்டம் தெரிந்தால், மேல்வீட்டு டைல்ஸ் முழுவதையும் பெயர்க்க அவசரப்பட வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது தளத்தில் குழாய்க்காகப் போட்ட ஓட்டையைத்தான்.

பி.வி.சி. குழாயின் மேற்புறம் வழுவழுப்பானது. சாதாரண சிமெண்ட் கலவை அதை இறுகப் பிடிப்பதில்லை; காயும்போது சுருங்கவும் செய்யும். சூடான தண்ணீர் போகப் போகக் குழாயும் நீண்டு சுருங்குகிறது. விளைவு, குழாயைச் சுற்றி மயிரிழை அளவு இடைவெளி. செங்கல் சில்லும் சிமெண்ட் சாக்குத் துண்டும் திணித்து மேலே மட்டும் கலவை பூசியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சென்னையில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். 110 மி.மீ. குழாய், 150 மி.மீ. ஓட்டை. பிளம்பர் வேறெதையும் தொடுமுன் தண்ணீர் வரும் வால்வை மூடி, தரையிலுள்ள வடிகால் வாயையும் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினார். மறுநாள் காலை கீழே குழாய் ஓரத்தில் சொட்டியது. கோளாறு தரையிலோ குழாய் ஓரத்திலோதான் என்று தெரிந்துவிட்டது. அடைப்பை எடுத்த பிறகே சொட்டியிருந்தால், குழாய் இணைப்பைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

பிறகு குழாயைச் சுற்றிப் பழைய கலவை முழுவதும் கொத்தி எடுக்கப்பட்டது. குழாய் நடுவில் நின்றால் சுற்றிலும் 20 மி.மீ. கிடைக்கும், ஒரு பக்கம் சாய்ந்து தளத்தைத் தொட்டால் அங்கே எதுவும் இறங்காது. குழாயை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார்கள். கீழே இரண்டு துண்டுப் பலகையை இறுக்கிக் கட்டி, ஓட்டையை நனைத்து, சுருங்காத கிரௌட்டை ஒரே பக்கமிருந்து ஊற்றினார்கள். அது மறுபக்கம் ஏறி வந்தால்தான் நடுவில் காற்று தங்காது. மேலே 10 மி.மீ. பள்ளம் விட்டு, கிரௌட் இறுகிக் காய்ந்ததும் பாலியூரித்தேன் சீலன்ட்டால் நிரப்பினார்கள். அது ரப்பர்போல் நெகிழ்வதால் குழாய் அசைந்தாலும் விலகாது. தரையில் அடித்த நீர்த்தடுப்புப் பூச்சை, ஃபைபர் வலையோடு குழாய் மேலும் ஏற்றிப் பூசினார்கள்.

கீழிருந்து வெள்ளை சிமெண்ட் பூசுவது இங்கே பயன்படாது. தண்ணீர் மேலிருந்து வந்து அந்தப் பூச்சையே தள்ளிவிடும்.

புது வீடு கட்டுபவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. கான்கிரீட் போடும்போதே சற்றுப் பெரிய குழாய்த் துண்டை ஸ்லீவாக வைத்துவிடலாம். அதன் மேல்முனை முடித்த தரைக்கு மேல் இரண்டு அங்குலமாவது நிற்க வேண்டும். வெந்நீர்க் குழாய்க்கும் ஸ்லீவுக்கும் நடுவே சிமெண்டை அடைத்தால் குழாய் நீள இடமிருக்காது. நுரைக் கயிறும் சீலன்ட்டுமே சரி.

எந்த முறையானாலும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் மறுபடியும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட வேண்டும். அப்போது கசிந்தால் சீலன்ட்டை மட்டும் திருத்தினால் போதும். டைல்ஸ் ஒட்டிய பின் கசிந்தால் மறுபடி உடைத்தாக வேண்டும்.