தண்ணீர் கசிந்து பொருட்கள் நாசம்: 'நான் பொறுப்பில்லை' என ஹவுஸ் ஓனர் பதில் கடிதம் அனுப்பினால் அது செல்லுமா?

வாடகை வீட்டில் பைப் உடைந்து மெத்தை, பீரோ, லேப்டாப் எல்லாம் நனைந்துவிட்டது. நஷ்டஈடு கேட்டு கடிதம் போட்டால், "இதற்கு நான் பொறுப்பில்லை" என்று ஓனரிடம் இருந்து பதில் வருகிறது. அதோடு கதை முடிந்துவிட்டது என பலரும் விட்டுவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

பதில் கடிதம் என்பது தீர்ப்பு அல்ல. அது ஒரு தரப்பின் வாதம் மட்டுமே. அந்த வாதம் நிற்குமா என்பதை முக்கியமாக மூன்று கேள்விகள் முடிவு செய்யும். தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஓனருக்கு எப்போது தெரியும்? நஷ்டத்துக்கு ஆதாரம் என்ன?

ஒரு உதாரணம்

சென்னையில் மாதம் 15,000 ரூபாய் வாடகையில் ஒரு வீடு என வைத்துக்கொள்வோம். நவம்பர் 3-ம் தேதி, "பாத்ரூம் பக்கத்து சுவர் ஊறுது சார்" என்று வாடகைதாரர் போட்டோவுடன் வாட்ஸ்அப் அனுப்புகிறார். "சரி, பிளம்பரை அனுப்புறேன்" என ஓனர் பதில் போடுகிறார். ஆனால் பிளம்பர் வரவில்லை.

நவம்பர் 21-ம் தேதி வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் படுக்கையறை முழுக்க தண்ணீர். மறுநாள் சுவரை உடைத்துப் பார்த்தால், உள்ளே போகும் பைப்பின் ஜாயிண்ட் விட்டுப்போயிருக்கிறது.

வாடகைதாரர் கேட்கும் தொகை 74,000 ரூபாய். லேப்டாப் 42,000, பிளைவுட் பீரோ 14,000, மெத்தை 12,000, துணிமணி 6,000.

ஓனரின் பதில் கடிதத்தில் நான்கு மறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"குழாயை திறந்து விட்டுவிட்டுப் போனது உங்கள் தவறு"

இது உண்மை என்றால் ஓனர் தப்பித்துவிடுவார். அதனால்தான் தண்ணீர் வந்த இடத்தை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

எல்லா குழாயையும் மூடிய பிறகும் 24 மணி நேரமும் சுவர் ஊறிக்கொண்டே இருந்து, டேங்கில் இருந்து வரும் வால்வை மூடினால் மட்டும் கசிவு குறைந்தால், பிரச்சனை பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் பைப்பில்தான். குளித்த பிறகு மட்டும் ஊறினால் கழிவுநீர் பைப் அல்லது பாத்ரூம் தரை. மழை பெய்தால் மட்டும் ஊறினால் மொட்டை மாடி அல்லது வெளிச்சுவர். மேல் வீட்டில் தண்ணீர் புழங்கும்போது சொட்டினால், கோரிக்கையை மேல் வீட்டுக்காரரிடம்தான் வைக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டம், யார் எதை சரிசெய்ய வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கட்டடப் பழுதும் பைப் மாற்றும் வேலையும் ஓனர் பொறுப்பு. குழாய், வாஷர், வாஷ்பேசின் ரிப்பேர், சாக்கடை அடைப்பு எடுப்பது எல்லாம் வாடகைதாரர் பொறுப்பு.

நம் உதாரணத்தில் உடைந்தது சுவருக்குள் இருக்கும் பைப். பிளம்பர் சுவரை உடைத்தபோது எடுத்த வீடியோவும், என்ன பழுது என்று அவர் எழுதிக் கொடுத்த பில்லும் இருந்தால் முதல் மறுப்பு நிற்காது. சுவரைப் பூசி மறைத்த பிறகு இதை நிரூபிப்பது ரொம்ப கஷ்டம்.

"கசிவு பற்றி என்னிடம் சொல்லவே இல்லை"

நான்கில் கனமான மறுப்பு இதுதான். முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு பைப் திடீரென வெடித்தால், ஓனர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்வது கடினம். பைப்பை மாற்றித் தருவது அவர் கடமை. ஆனால் நனைந்த பொருளுக்கும் அவர் பணம் தர வேண்டும் என்றால், தெரிந்தும் செய்யாமல் விட்டார் என்று காட்ட வேண்டும்.

இங்கே நவம்பர் 3-ம் தேதி வாட்ஸ்அப் இருக்கிறது. "பிளம்பரை அனுப்புறேன்" என்ற பதிலும் இருக்கிறது. நடுவில் 18 நாட்கள். கடிதத்தின் இந்த வரி ஓனருக்கே எதிராகத் திரும்பும். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நிலைமை தலைகீழ்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என நினைக்க வேண்டாம். மின்னணு ஆதாரத்தை கோர்ட்டில் கொடுக்க சான்றிதழும் தேவை. எனவே அந்த சாட்டையும் போனையும் அப்படியே பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

"உடைமைகளுக்கு பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது"

இப்படி ஒரு வரி பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும். திருட்டு, வெள்ளம் போன்ற ஓனர் கையில் இல்லாத விஷயங்களில் இது அவருக்கு உதவும். ஆனால் தான் செய்ய வேண்டிய ரிப்பேரை, தகவல் தெரிந்தும் செய்யாமல் விட்டதற்கு இது முழுப் பாதுகாப்பு தரும் என்று சொல்ல முடியாது. அந்த வரியின் சரியான வாசகத்தை வைத்தே முடிவாகும். அதனால் பதில் எழுதும் முன் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

"74,000 ரூபாய்க்கு பில் எங்கே?"

இந்த மறுப்பில் நியாயம் உண்டு. நஷ்டஈடு என்பது புதுப்பொருளின் விலை அல்ல, நனைந்த நேரத்தில் அந்தப் பொருளுக்கு இருந்த மதிப்பு. மூன்று வருடம் ஓடிய லேப்டாப்புக்கு வாங்கிய விலையான 42,000 கிடைக்காது.

இன்னொரு கேள்வியும் வரும். சுவர் ஊறுவது 18 நாளாகத் தெரிந்தும் லேப்டாப்பை ஏன் அந்த அறையில் தரையில் வைத்தீர்கள்? இழப்பைத் தவிர்க்க வழி இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு. பீரோவை நகர்த்துவது சிரமம், லேப்டாப்பை நகர்த்துவது அப்படியல்ல. எனவே பீரோவுக்கும் மெத்தைக்கும் வாதம் பலமாக இருக்கும், லேப்டாப்புக்கு பலவீனமாக இருக்கும். முழுத்தொகை கிடைக்காவிட்டாலும் ஒரு பகுதி கிடைக்க வாய்ப்புள்ள கோரிக்கை இது.

அடுத்து என்ன செய்யலாம்?

மறுப்புக் கடிதத்துக்கு வரிசை எண் போட்டு, தேதி மற்றும் ஆதாரத்துடன் பதில் எழுதி, டெலிவரி ஆதாரம் கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்ப வேண்டும். லேப்டாப் போன்ற பலவீனமான கோரிக்கையை குறைத்துக்கொண்டால் பேச்சுவார்த்தை எளிதாகும்.

ஒத்துவரவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்கு போடாமலேயே சமரசம் பேசலாம். அதுவும் நடக்கவில்லை என்றால் சிவில் வழக்கு. இதற்கு பொதுவாக 3 ஆண்டு காலக்கெடு.

வாடகையை மட்டும் நிறுத்தக் கூடாது. ஓனர் செய்யாத ரிப்பேரை வாடகைதாரரே செய்தால் அந்த செலவை வாடகையில் கழிக்க சட்டத்தில் வரம்புடன் வழி இருக்கிறது. நனைந்த மெத்தைக்கு அப்படி கழிக்க முடியாது. வாடகை பாக்கி விழுந்தால், வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஓனருக்கு அதுவே காரணமாகிவிடும்.

ஓனர்கள் கவனிக்க வேண்டியது

மறுப்பு எழுதும் முன் பழைய வாட்ஸ்அப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெரிந்த விஷயத்தை "தெரியாது" என எழுதினால், கடிதத்தில் இருக்கும் மற்ற நியாயமான வாதங்களும் நம்பிக்கை இழக்கும். "பொருள் இழப்புக்கான பொறுப்பை ஏற்காமல், பைப்பை மட்டும் சரிசெய்து தருகிறேன்" என்று தெளிவாக எழுதிவிட்டு ரிப்பேர் செய்யலாம். தகராறு இருக்கிறது என்பதற்காக தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்துவது வாடகைச் சட்டப்படி தவறு. அப்படிச் செய்தால், பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு ஓனர்தான் வருவார்.