மாநாட்டு உரைகளிலிருந்து மேலாளர் மேசைக்கு

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ‘ஸ்ட்ரேஞ்ச் லூப்’ என்றொரு மென்பொருள் மாநாடு 2009இல் தொடங்கி 2023 வரை நடந்துவந்தது. ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடக்கும். எந்த அரங்கில் உட்கார்ந்தாலும் மற்றவை கைநழுவிப் போகும். நல்ல வேளையாக, உரைகளில் பலவற்றைக் காணொளியாக இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இதுபோன்ற மாநாடுகளுக்குப் போய்வருபவர்கள் ஊர் திரும்பியதும் அந்தப் பதிவுகளை ஓடவிட்டு, தங்களை அனுப்பிய நிறுவனத்துக்குப் பயண அறிக்கை எழுதுகிறார்கள். போகவே முடியாதவர்களும் பதிவுகளை மட்டும் பார்த்து எழுதுவதுண்டு.

அந்த அறிக்கைகளில் பல, படிப்பவருக்குப் பயன்படுவதில்லை. முதல் நாள் காலை இந்த உரை, மதியம் அந்த உரை என்று நிகழ்ச்சி நிரலின் வரிசையிலேயே போகும். ஒவ்வொன்றுக்கும் கீழே உரையின் அறிவிப்பில் இருந்த வாசகமே வேறு சொற்களில் இருக்கும். மேலாளர் கேட்பது வேறு: இவர்கள் சொன்னதில் நமக்குப் பொருந்துவது எது, அதற்கு நாம் என்ன செய்யவேண்டும்? பதிவைப் பார்க்கும்போதே இந்தக் கேள்வி மனதில் இருந்தால் அறிக்கையின் வடிவமே மாறிவிடும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கும் நிறுவனம் அது. பண்டிகைக் காலத்தில் தளம் திணறுவது அதன் முதல் கவலை. ஒதுக்கீட்டுக்கு மேல் டிக்கெட் விற்றுவிடுவது இரண்டாவது கவலை. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ரேஞ்ச் லூப்பில் இந்த இரண்டுக்கும் பொருந்தும் உரைகள் இருந்தன. ஒன்று, கில் டேனே பேசியது. தாமதத்தை எப்படி அளக்கக்கூடாது என்பது அதன் பொருள். மற்றொன்று, டேட்டாபேஸ் பரிவர்த்தனைகள் பற்றி மார்ட்டின் க்ளெப்மன் பேசியது.

டேனே ஓர் எளிய கணக்கு போட்டுக் காட்டினார். ஒரு சர்வர் வினாடிக்கு 100 கோரிக்கைகளை, ஒவ்வொன்றையும் 1 மில்லிவினாடியில் முடிக்கிறது. 100 வினாடிகள் இப்படி ஓடியபின், அடுத்த 100 வினாடிகள் அப்படியே உறைந்துவிடுகிறது. வழக்கமான சோதனைக் கருவி ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டு, பதில் வந்தபிறகே அடுத்ததை அனுப்பும். ஆகவே சர்வர் உறைந்திருக்கும்போது அதுவும் காத்து நிற்கும். கடைசியில் அதன் ஏட்டில் 1 மில்லிவினாடிப் பதில்கள் 10,000 இருக்கும். 100 வினாடிப் பதில் ஒன்றே ஒன்று இருக்கும். சராசரி போட்டால் வெறும் 11 மில்லிவினாடி.

உண்மையில் அந்த இரண்டாவது 100 வினாடிகளிலும் வாடிக்கையாளர்கள் வினாடிக்கு 100 பேர் வீதம் வந்துகொண்டுதான் இருப்பார்கள். முதலில் வந்தவர் 100 வினாடி காத்திருப்பார், கடைசியில் வந்தவர் கிட்டத்தட்டக் காத்திருக்கவே மாட்டார். சராசரியாக ஒருவருக்கு 50 வினாடி. இரண்டு பகுதிகளையும் சேர்த்தால் சராசரி சுமார் 25 வினாடி. சர்வர் ஒன்றுதான், நடந்த சோதனையும் ஒன்றுதான். ஆனால் ஒரு கணக்கில் 11 மில்லிவினாடி, இன்னொன்றில் 25 வினாடி.

இதை அறிக்கையில் எப்படி எழுதுவது? ‘தாமதத்தை அளப்பதில் உள்ள தவறுகளை விளக்கினார், பயனுள்ள உரை’ என்று எழுதினால் மேலாளருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘வழக்கமான கருவிகள் தாமதத்தை 2,000 மடங்கு குறைத்துக் காட்டும்’ என்று எழுதினால் அது தவறான செய்தி. அந்த விகிதம் டேனே எடுத்துக்கொண்ட உதாரணத்துக்கு மட்டுமே உரியது. பதிவைப் பார்த்து எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அந்த எண்ணுக்கு முன் பேச்சாளர் சொன்ன ‘இப்படி வைத்துக்கொள்வோம்’ என்பது விட்டுப்போகும். எண்ணை எழுதும்போதே அதன் நிபந்தனையையும், பதிவில் அது வரும் நிமிடத்தையும் சேர்த்து எழுதினால் சந்தேகப்படுபவர் அந்த இடத்துக்கே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

“பேச்சாளர் சொன்னது: பதிலுக்குக் காத்திருந்து அடுத்த கோரிக்கையை அனுப்பும் சோதனைக் கருவி, தளம் உறையும் நேரத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறது. என் கருத்து: நம் பண்டிகைக் காலச் சோதனையும் இதே முறையில்தான் நடந்தது, அதன் முடிவை நம்ப முடியாது. செய்யவேண்டியது: wrk2 போல, பதில் வந்தாலும் வராவிட்டாலும் சீரான வேகத்தில் கோரிக்கை அனுப்பும் கருவியால் அதே சோதனையை மறுபடி நடத்தவேண்டும். கவனிக்க: wrk2 பேச்சாளரே எழுதியது. அவருடைய அசூல் நிறுவனம் நீண்ட உறைவு இல்லாத ஜாவா இயக்கச் சூழலை விற்கிறது.”

சொன்னது, கருத்து, செயல் என்ற மூன்றும் இதில் கலக்கவில்லை. எழுதியவரின் ஊகத்தைப் பேச்சாளரின் கூற்றாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி இரண்டு வரிகளும் அவசியம். டேனேயின் கணக்கு சரியானது. ஆனால் பேச்சாளர் விற்கும் பொருள் எது என்று தெரிந்தால்தான் மேலாளர் பரிந்துரையை எடைபோட முடியும்.

க்ளெப்மன் உரையின் குறிப்பு இன்னொரு வகை. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மருத்துவமனை. எந்நேரமும் ஒரு மருத்துவராவது பணியில் இருக்கவேண்டும் என்பது விதி. பணியில் இருக்கும் இருவரும் ஒரே நொடியில் விடுப்பு கேட்கிறார்கள். ‘இன்னொருவர் இருக்கிறார்’ என்று இரண்டு பரிவர்த்தனைகளுமே பார்த்துவிட்டு விடுப்பைப் பதிவுசெய்கின்றன. முடிவில் பணியில் யாரும் இல்லை.

இந்தக் கதையை அப்படியே எழுதினால் டிக்கெட் நிறுவனத்தின் மேலாளர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். எழுதுபவர்தான் அதைத் தன் நிறுவனத்துக்குப் பெயர்த்துச் சொல்லவேண்டும். ஒரு ஏஜென்சிக்கு ஒரு பஸ்ஸில் 4 இருக்கைதான் என்பது நம் விதி. 3 விற்றுவிட்டன. ஏஜென்சியின் இரண்டு ஊழியர்கள் ஒரே கணத்தில் வெவ்வேறு இருக்கையைப் பதிகிறார்கள். இருவருக்கும் எண்ணிக்கை 3 என்றே தெரிகிறது. 5 இருக்கைகள் போய்விடுகின்றன. ஒரே இருக்கையை இருவர் பதிந்தால் டேட்டாபேஸைக் கொண்டு எளிதாகத் தடுத்துவிடலாம். இருக்கைகள் வேறாக இருப்பதால் இங்கே மோதலே தெரிவதில்லை.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால், எந்தக் காப்பு நிலையில் ஓடுகிறது என்பதை ஒரே வரியில் கேட்டுவிடலாம்:

```sql
SHOW default_transaction_isolation;
```

யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் `read committed` என்று பதில் வரும். அந்த நிலையில் மேற்சொன்ன தவறு நடக்கவே செய்யும். `serializable` நிலை அதைத் தடுக்கும். ஆனால் சில பரிவர்த்தனைகள் பாதியில் ரத்தாகும், நிரல் அவற்றை மறுபடி முயலவேண்டும். ஆரக்கிளில் அதே பெயருள்ள நிலைகூட இந்தத் தவறைத் தடுப்பதில்லை. ஆகவே அமைப்பின் பெயரைப் பார்த்துத் திருப்தியடையாமல், இரண்டு இணைப்புகளைத் திறந்து இதே காட்சியை நடத்திப் பார்க்கவேண்டும். அறிக்கைக்கு முன்பே அதைச் செய்து, முடிவை இணைத்துவிட்டால் மேலாளர் உரையைப் பார்க்கவேண்டிய தேவைகூட இருக்காது.

பதிவுக்கு எல்லைகளும் உண்டு. பார்வையாளர் கேட்கும் கேள்வி ஒலிவாங்கியில் விழாமல் போவதுண்டு. பேச்சாளர் அதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் பதில் மட்டுமே மிஞ்சும். அந்த இடத்தில் கேள்வியை ஊகித்து எழுதாமல், ‘கேள்வி கேட்கவில்லை’ என்று குறிப்பிட்டு விடுவதே நேர்மை. தானியங்கி வசன வரிகள் தொழில்நுட்பச் சொற்களைச் சிதைப்பதால், மேற்கோள் எடுக்குமுன் ஒலியைக் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். உரை நிகழ்ந்த ஆண்டையும் குறிப்பிடவேண்டும். ஒரு மென்பொருள் அன்று செய்யாததை இன்று செய்யக்கூடும்.

அறிக்கையைக் கட்டும்போது நாள்வாரியான பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். முதல் பக்கத்தில் மேலாளரிடம் கேட்கும் முடிவுகள் இருக்கட்டும்: சுமைச் சோதனையை மறுபடி நடத்த ஒரு வாரம் தேவை, ஏஜென்சி ஒதுக்கீட்டு நிரலை மாற்ற ஒருவரை ஒதுக்கவேண்டும். அடுத்த பக்கங்களில் நிறுவனத்தின் கவலைவாரியாக உரைக் குறிப்புகள் வரட்டும். பார்த்தும் பயன்படாத உரைகளுக்கு ஆளுக்கொரு வரி போதும். அந்த ஒரு வரியும் சகஊழியர் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.