ரிலேயைக் காப்பாற்றும் ஃபியூஸ்

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் மேலே கான்டாக்டர், கீழே ஓவர்லோடு ரிலே. மோட்டார் அளவுக்கு மீறி ஆம்பியர் இழுத்தால், ரிலேக்குள் இருக்கும் பைமெட்டல் பட்டை சூடாகி வளைந்து கான்டாக்டரை விடுவிக்கும். அதற்கு நேரம் பிடிக்கும். பிடிக்கவும் வேண்டும், இல்லையென்றால் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் டிரிப் ஆகும். ஷார்ட் வரும்போது இந்த நிதானமே ரிலேக்கு எமனாகிறது.

7.5 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது சுமார் 11 ஆம்பியர், கிளம்பும் நொடியில் 66 வரை. லைன் முடியும் இடத்தில் இருக்கும் தோட்டம். கேபிள் நைந்து இரண்டு பேஸ் ஒட்டிக்கொள்கிறது. தூரம் அதிகம் என்பதால் 300 ஆம்பியர்தான் பாய்கிறது. ஆனால் சூடு ஆம்பியரின் வர்க்கக் கணக்கில் ஏறும். ரிலேயின் ஹீட்டர் 700 மடங்குக்கு மேல் சூடு வாங்குகிறது.

'பெரிசா இருக்கட்டும்' என்று 63 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃபியூஸ் போட்டிருந்தால், 300 ஆம்பியரில் அது உருகச் சில விநாடிகள் ஆகலாம். ரிலே முந்திக்கொண்டு டிரிப் கொடுக்கும். கான்டாக்டரோ தன் அளவைப்போல 8 மடங்கு, இங்கே சுமார் 100 ஆம்பியர் வரை துண்டிக்கவே சோதிக்கப்பட்டது. 300-ஐத் துண்டிக்கப் போனால் பாயின்ட் ஒட்டிக்கொள்ளும். ஹீட்டர் கருகும் வரை கரண்ட் ஓடும்.

25 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் அதே 300-ல் 0.1 விநாடிக்குள்ளாகவே போய்விடும். கிளம்பும் 66 ஆம்பியரை ஓரிரு விநாடி தாங்கவும் செய்யும். இன்னும் சிறியதாக 16 போட்டால், 65 ஆம்பியரிலேயே 5 விநாடிக்குள் உருகிவிடும். அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் சும்மாவே போகும்.

ரிலே, கான்டாக்டர், ஃபியூஸ் மூன்றையும் இப்படிப் பொருத்துவதை ஐ.இ.சி. 60947-4-1 இரண்டாகப் பிரிக்கிறது. டைப்-1 என்றால் ஆளுக்கு ஆபத்தில்லை, ஸ்டார்ட்டர் போனால் போகட்டும். டைப்-2 என்றால் ஷார்ட்டுக்குப் பிறகும் ஸ்டார்ட்டர் வேலைக்கு ஆக வேண்டும். பாயின்ட் லேசாக ஒட்டலாம், நெம்பினால் விட வேண்டும்; ரிலேயின் டிரிப் அளவு மட்டும் மாறவே கூடாது.

அது மாறினால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மோட்டார் வழக்கம்போல ஓடும். சில மாதம் கழித்து பம்ப் இறுகும்போது ரிலே டிரிப் ஆகாமல் காயில் எரியும். ஆகவே பெரிய ஷார்ட்டுக்குப் பிறகு, 11-ல் வைத்த கிளாஸ் 10 ரிலேயைச் சூடான நிலையில் 16.5 ஆம்பியர் கொடுத்துச் சோதிக்க வேண்டும். 4 நிமிடத்துக்குள் டிரிப் ஆகாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

எந்த ரிலேக்கு எந்த ஃபியூஸ் என்ற டைப்-2 அட்டவணையை ஸ்டார்ட்டர் கம்பெனிகளே தருகின்றன. பீஸ் கட்டையில் முறுக்கிய செம்புக் கம்பி எந்த அட்டவணையிலும் இல்லை. ஷார்ட்டில் ஒரு ஃபியூஸ் போனாலும் மூன்றையும் மாற்றுங்கள். மற்ற இரண்டும் பாதி உருகி நிற்கலாம்.