தரையில் தேங்கும் கேஸ்

ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கும் சில்லர் அறையை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். அங்குள்ள சில்லருக்குள் 400 கிலோ ஆர்-134ஏ கேஸ் இருக்கிறது. குழாய் ஒன்று உடைந்து அத்தனையும் வெளியேறினால், ஏறத்தாழ 94 கன மீட்டர் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது என்பதால் தண்ணீரைப்போலத் தரையில்தான் பரவும். காற்றோடு கலக்காமல் அப்படியே தேங்கினால் இடுப்புக்கு மேல் வரும். கண்ணுக்குத் தெரியாது. நின்றுகொண்டிருப்பவருக்கு ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் அதே இடத்தில் குனிந்து வால்வைத் திருகுபவருக்கு மூச்சுவிடக் காற்றே இருக்காது.

எனவே இந்த அறையின் எக்ஸாஸ்ட் தரைக்கு அருகில் இருந்து இழுக்க வேண்டும். மேல் சுவரில் ஃபேனை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது தவறு. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் ஆஷ்ரே 15 விதி எளிய கணக்கு தருகிறது. மிகப் பெரிய சில்லரில் உள்ள கேஸின் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 70-ஆல் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். 400-இன் வர்க்கமூலம் 20. ஆக, வினாடிக்கு 1,400 லிட்டர். இந்த வேகத்தில் அறைக் காற்று முழுவதையும் இழுத்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் புதுக்காற்று நுழைய வழி இல்லையென்றால் ஃபேன் வெறுமனே சுழலும்.

இந்த ஃபேனை முழு வேகத்துக்குக் கொண்டுவருவது கேஸ் சென்சார். ஆர்-134ஏ-வுக்குப் பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டும் முன் அலாரம் அடிக்க வேண்டும். அறைக்குள் மட்டுமல்ல, கதவுக்கு வெளியிலும் அடிக்க வேண்டும். உள்ளே போகப்போகிறவரை அதுதான் தடுக்கும். சென்சாருக்கு உரிய இடம் சில்லருக்கும் எக்ஸாஸ்ட் வாய்க்கும் நடுவே, தரையை ஒட்டி. புதுக்காற்று வரும் வழியில் மாட்டினால் எப்போதும் சுத்தமான காற்றையே முகர்ந்துகொண்டிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிபடாத கசிவு ஒன்று உண்டு. எனக்கு அதுதான் பெரிய கவலை. இதே சில்லரில் நாளுக்கு ஒரு கிலோ கசிகிறது என்று வையுங்கள். சாதாரண நாளில் இந்த அறைக்கு வினாடிக்குச் சுமார் 200 லிட்டர் காற்றோட்டம் வேண்டும். அந்தக் காற்றில் கலந்தால் கேஸின் அளவு பத்து லட்சத்தில் 13 அல்லது 14 பங்குதான். அலாரம் வாய் திறக்காது. ஒரே ஆண்டில் 365 கிலோ போயிருக்கும். அந்த அலாரம் காப்பது மனிதரை; சில்லருக்குள் உள்ள கேஸை அல்ல.

அதைக் கண்டுபிடிக்க ஆள்தான் வேண்டும். எவாப்பரேட்டர் அழுத்தம் வாரத்துக்கு வாரம் இறங்குகிறதா என்று லாக் புத்தகத்தில் பார்க்க வேண்டும். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும். ஃபிளாஞ்சின் அடியில் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை தெரிந்தால், அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று காத்திருங்கள்.