களத்து நெல்லும் மனத்து முடிச்சும்

காவிரிப் பாசனத்தில் விளைந்த சம்பா நெல், தை மாதத்தில் களத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு குடும்பத்தின் களத்தில், மூட்டைக்கு 60 கிலோவாக 40 மூட்டை நெல் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதில் பிறருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? தஞ்சை வட்டாரத்தில் அண்டை அயலாராக வாழும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் இக்கேள்விக்கு வெவ்வேறு விடை கூறுவர். கொடுப்பவனின் மனத்தில் அவிழ வேண்டிய முடிச்சு எது என்பதில் ஒவ்வொரு மரபும் ஒவ்வொன்றைக் கருதுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

நம் தான தர்மத்தில் 40 மூட்டைக்கு இத்தனை என்ற பொதுவான கட்டாய அளவு இல்லை. தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்த பாத்திரம் அறிந்து, கைம்மாறு கருதாமல், கொடுப்பது கடமை என்ற எண்ணத்துடன் கொடுப்பதே சாத்துவிக தானம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. பலனை நாடியோ மனம் வருந்தியோ கொடுப்பது ராஜசம். இகழ்ச்சியோடு கொடுப்பது தாமசம். இங்கே அளக்கப்படுவது நெல் அன்று, மனநிலை.

தானம் செய்பவர் பொருளோடு நீரையும் சேர்த்து வார்த்து, ‘இது என்னுடையது அன்று’ என்ற பொருளில் ‘ந மம’ என்று சொல்வது மரபு. சோழர்கள் நிலக்கொடை அளித்தபோதும் நீர் வார்த்தே கொடுத்தனர். வார்த்த நீரைத் திரும்ப அள்ள முடியாது. ‘தாரை வார்த்துவிட்டான்’ என்று இன்றும் நாம் பேச்சில் சொல்வது இச்சடங்கின் எச்சமே. ஆக, தானம் அவிழ்க்க முயலும் முடிச்சு ‘எனது’ என்னும் மமகாரம்.

அந்த முடிச்சு அவிழவில்லை என்பதை எவ்வாறு அறிவது? கடோபநிஷத்தில் நசிகேதஸின் தந்தை, பால் வற்றி, புல்லும் நீரும் உட்கொள்ளும் வலிமையும் இழந்த பசுக்களை யாகத்தில் தானமாகக் கொடுத்தார். ‘என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று பாலகன் கேட்ட கேள்வி அந்த இடத்தைத்தான் தொட்டது. பயனற்றதைக் கழித்துவிடுவது தானம் ஆகாது.

இனி இஸ்லாமியரின் ஜகாத். அச்சொல்லுக்குத் தூய்மை, வளர்ச்சி என்று பொருள். ரொக்கம், தங்கம் முதலியவை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு சந்திர ஆண்டு கையிருப்பில் இருந்தால், அவற்றில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். விளைச்சலுக்கு விதி வேறு. ‘உஷர்’ எனப்படும் அப்பங்கு அறுவடையின்போதே உரியது. அதன் அளவை நிர்ணயிப்பது, வயலுக்கு வந்த தண்ணீர்.

மழையாலும் தானே பாய்ந்து வரும் நீராலும் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. உழைப்பும் செலவும் கொண்டு இறைத்த நீரால் விளைந்ததில் இருபதில் ஒரு பங்கு. பாதிக் காலம் வாய்க்கால் நீர், பாதிக் காலம் பம்புசெட்டு என்றால் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு. நம் களத்துக் கணக்கில், வாய்க்கால் நீர் மட்டும் பாய்ந்திருந்தால் 4 மூட்டை. ஆழ்குழாய்க் கிணற்று நீர் மட்டும் என்றால் 2 மூட்டை. இரண்டும் சரிபாதி என்றால் 3 மூட்டை. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படாமல் தாமதமாகும் ஆண்டுகளில் டெல்டாவில் குறுவை பெரும்பாலும் பம்புசெட்டை நம்பியே நிற்கிறது. அப்போது அதே வயலின் கடனும் குறைந்துவிடும். உழவன் இறைக்காமல் கிடைத்த நீர் எவ்வளவோ, அவ்வளவுக்குப் பிறர் பங்கு மிகுதி என்பது இதன் உட்பொருள்.

ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு ஏழைகள், வறியோர், கடன்பட்டோர், வழிப்போக்கர் என எட்டு வகையினரைக் குர்ஆன் குறிக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்துக் கணக்கை முடிக்க இயலாது. அவர்களைக் காப்பது ஏற்கெனவே உள்ள கடமை. பள்ளிவாசல் கட்டவும் அது ஆகாது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. நாகூர் தர்காவில் எல்லாச் சமயத்தாரும் செலுத்தும் காணிக்கை வேறு, ஜகாத் வேறு. காணிக்கை விருப்பம், ஜகாத் கடன். ஏழையின் பங்கு செல்வனின் நெல்லோடு கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துக் கொடுத்தால்தான் மிச்சம் தூய்மையாகும். கடனைத் திருப்பித் தருபவன் தன்னை வள்ளல் என்று எண்ண முடியாது. இங்கே அவிழ்வது கஞ்சத்தனமும், ‘நான் கொடுத்தேன்’ என்ற பெருமிதமும்.

மூன்றாவது, கிறிஸ்தவரின் தசமபாகம். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்திறங்கிய நாள் தொட்டு இவ்வட்டாரத்தில் வேரூன்றிய சபைகளுக்கு இச்சொல் பழக்கமானது. பழைய ஏற்பாட்டின்படி நிலம் பெறாத லேவி குலத்தாரும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் இதனால் பிழைத்தனர். பாசனம் எதுவாயினும் 40 மூட்டைக்கு 4 மூட்டை. ஆடுமாடுகளுக்குச் சொல்லப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. மந்தையைக் கோலின் கீழ் ஒவ்வொன்றாகக் கடக்கவிட்டு, பத்தாவதாக வருவதை ஒதுக்க வேண்டும். அது கொழுத்ததா, நோஞ்சானா என்று பார்த்து மாற்றக் கூடாது. விளைச்சலிலோ, முதற்பலனைத் தான் உண்ணுமுன் படைக்க வேண்டும். மீதி வீடு வந்து சேருமா என்பது தெரியாத நேரத்தில் கொடுப்பது அது. இன்றும் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகையன்று நெல்லும் காய்கறியும் கொண்டுவந்து படைத்து, ஏலம் விடுகிறார்கள். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சமும், குதிரின் மேல் வைத்த நம்பிக்கையும் இங்கே தளர வேண்டிய முடிச்சு.

இம்முறையும் பிழைபடும். புதினாவிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டதாகச் சுவிசேஷம் கூறுகிறது. கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற நிறைவே புதிய முடிச்சாகிவிடுகிறது. அளவு வகுத்த வழிக்கு இந்த ஆபத்து. அளவு வகுக்காத நம் வழிக்கோ, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் ஆபத்து.

இந்த இரண்டாவது ஆபத்துக்கு நம்மிடமே ஒரு மருந்து உண்டு. காஞ்சி மகா ஸ்வாமிகள் வகுத்தருளிய பிடி அரிசித் திட்டம் அது. தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு, ஒரு காசும் வைக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த அரிசியை அவ்வூர்க் கோயிலில் சமைத்து, சுவாமிக்கு நிவேதனம் செய்து, ஏழைகளுக்குப் பிரசாதமாக வழங்க வேண்டும். ஒரு பிடி சுமார் 50 கிராம் என்று கொண்டால், ஒரு வீட்டில் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. 100 வீடுகள் சேர்ந்தால் 150 கிலோ. யாருக்கும் அது பாரம் அன்று.

இதில் மூன்று முடிச்சுகளும் தொடப்படுகின்றன. தனக்கு அளக்குமுன் எடுப்பதால் நாளையைப் பற்றிய அச்சம் தளர்கிறது. நாள்தோறும் ஒரே அளவு என்பதால் கஞ்சத்தனத்துக்குப் பேரம் பேச இடமில்லை. இறைவனுக்குப் படைத்த பின்பே ஏழையின் இலைக்குச் செல்வதால், எந்தப் பருக்கை எந்த வீட்டுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பானையில் கலந்துவிட்ட அந்த ஒரு பிடியே, சொல்லாமல் சொல்லும் ‘ந மம’.