எட்டு மணி நேரத்தில் 113 கிலோமீட்டருக்குத் தயாராவது

கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 90 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இதுதான் அரைத் தூர டிரையத்லான். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும், அயர்ன்மேன் நிறுவனம் நடத்தும் போட்டிகளுக்கு அதுவே பெயர். 2019-ல் கோவாவில் இது தொடங்கியபின், அலுவலகம் போய்க்கொண்டே பயிற்சி செய்பவர்கள் இங்கும் பெருகினார்கள். அவர்களில் பலருக்கு வாரத்தில் எட்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதை எப்படிப் பங்கிடுவது?

போட்டியின் நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர், ஆறரை மணி நேரத்தில் முடிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீச்சலுக்கு 45 நிமிடம், சைக்கிளுக்கு மூன்றே கால் மணி, ஓட்டத்துக்கு இரண்டே கால் மணி, உடை மாற்ற கால் மணி. சரிபாதி நேரம் சைக்கிள் மேல் கழிகிறது. எனவே பயிற்சியிலும் பெரும்பங்கு சைக்கிளுக்கே: மூன்றரை மணி. ஓட்டத்துக்கு 2 மணி 40 நிமிடம், நீச்சலுக்கு ஒன்றரை மணி, மிச்சமுள்ள 20 நிமிடம் தசை வலுவுக்கு. ஏற்கெனவே நிற்காமல் ஒரு கிலோமீட்டர் நீந்தவும் ஒரு மணி நேரம் ஓடவும் முடிந்தவருக்கான கணக்கு இது. நீச்சலே புதிது என்றால், முதலில் அதைக் கற்றுக்கொண்டுதான் இதற்கு வர வேண்டும்.

திங்கள் முழு ஓய்வு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் 45 நிமிடம் நீச்சல். நிதானமாக 200 மீட்டர், கை வீச்சைத் திருத்த 50 மீட்டராக நான்கு முறை, பிறகு 100 மீட்டராகப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 15 விநாடி ஓய்வு, கடைசியில் 200 மீட்டர் நிதானம். அந்தப் பத்தில் முதலாவதும் கடைசியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிந்தால் வேகம் சரி. வெள்ளி மாலை 20 நிமிடம் ஸ்குவாட், பிளாங்க் போன்றவை.

புதனும் வியாழனும் கடின நாட்கள். புதன், வீட்டுக்குள் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி ஒரு மணி நேரம்: உடலைச் சூடாக்கியபின், ஓரிரு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை. வியாழன் 50 நிமிட ஓட்டம். நடுவில் ஐந்து நிமிட வேக ஓட்டம் நான்கு முறை, இடையில் இரண்டு நிமிடம் மெதுவோட்டம்.

வாரத்தின் உயிர்நாடி சனிக்கிழமை. விடியுமுன் கிளம்பி இரண்டரை மணி நேரம் சைக்கிள். அதில் இரண்டு அரை மணிகள் மட்டும் போட்டி வேகம், அதாவது மணிக்கு 27, 28 கிலோமீட்டர். மற்ற நேரம் நிதானம். இறங்கியதும் ஷூ மாற்றி உடனே 20 நிமிட ஓட்டம். இதை ‘பிரிக்’ என்கிறார்கள். முதல் சில நிமிடங்கள் கால் கனத்து, சொன்னபடி கேட்காது. அந்தக் கனம் விலகும்வரை நிதானமாக ஓடப் பழகுவதே நோக்கம்.

சாப்பாட்டுக்கும் அன்றுதான் ஒத்திகை. சைக்கிளில் மணிக்கு சுமார் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு பெரிய வாழைப்பழமும் கொஞ்சம் சர்க்கரை, உப்பு கலந்த தண்ணீரும் ஏறக்குறைய அதைத் தரும். போட்டியன்று புதிதாக ஒரு ஜெல்லைத் தின்று ஓட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொள்பவர்கள், இந்த ஒத்திகையைத் தவறவிட்டவர்கள்.

ஞாயிறு ஒன்றரை மணி நேர நெடு ஓட்டம். போட்டியில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்துக்குள் ஓட வேண்டியவர், இங்கே ஏழு நிமிடமோ அதற்கும் மெதுவாகவோ ஓடலாம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். நேரம் குறைவு, அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேகமெடுக்கிறார்கள். விளைவு புதனன்று தெரியும்: மூன்றாவது பத்து நிமிடத்தை முடிக்க முடியாது. காலையில் எழும்போது நாடித்துடிப்பும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், சோர்வு தீரவில்லை என்று பொருள். நான்காவது வாரம் ஐந்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது இதற்காகவே.

தவறிய பயிற்சியை மறுநாள் சேர்த்துச் செய்யக் கூடாது. வேலை நெருக்கினால் முதலில் தசைப் பயிற்சி, அடுத்து வியாழன் ஓட்டம் போகட்டும். சனியும் ஞாயிறும் போகக் கூடாது.

இந்த அட்டவணைக்கு எல்லையும் உண்டு. இரண்டரை மணியில் 65 கிலோமீட்டர்தான் ஆகும். எனவே போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஓரிரு முறை, ஞாயிறு ஓட்டத்தைச் சுருக்கி முழு 90 கிலோமீட்டரையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். குளத்தில் மட்டும் நீந்தியவர், அனுபவசாலிகள் துணையோடு சில முறையாவது கடலில் இறங்கிப் பழக வேண்டும். தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. இவற்றைச் செய்தவர் எட்டு மணி நேரத்தில் மேடையேறிப் பரிசு வாங்க மாட்டார். ஆனால் கடைசிக் கிலோமீட்டரை நடக்காமல் ஓடியே முடிக்க அது போதும்.