ஒரே வங்கியில் எட்டுக் கணக்கு: எவ்வளவுக்குக் காப்பீடு?

வங்கி மூழ்கினாலும் ஐந்து லட்சம் கைக்கு வரும் என்பது பரவலாகத் தெரிந்த செய்திதான். ஆனால் அந்த ஐந்து லட்சம் எதற்கு என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்கு ஐந்து லட்சம் என்பார் ஒருவர், ரசீதுக்கு என்பார் இன்னொருவர், கிளைக்கு என்பவரும் உண்டு. இவற்றில் எதுவும் சரியில்லை.

ரிசர்வ் வங்கிக்கு முழுச் சொந்தமான வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் இந்தக் காப்பீட்டை நடத்துகிறது. பிரீமியத்தை வங்கியே கட்டிவிடும், வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. 1993 முதல் ஒரு லட்சமாக இருந்த வரம்பு 2020 பிப்ரவரி 4 அன்று ஐந்து லட்சமானது. ஒரு வங்கியில், ஒருவர் ஒரே தகுதியிலும் ஒரே உரிமையிலும் வைத்திருக்கும் பணம் எல்லாவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்துக்குத்தான் ஐந்து லட்சம். எனவே பாஸ்புக், ரசீது எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி, யாருடைய பணம், எந்த உரிமையில் என்று பார்த்துக் கட்டுக் கட்டாகப் பிரிக்க வேண்டும். பிறகு கட்டுக்கு ஐந்து லட்சம் என்று கணக்குப் போடலாம்.

கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள். மூவரின் பணமும் நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றில், இரண்டு கிளைகளில் இருக்கிறது. இது கற்பனைக் குடும்பம்தான், ஆனால் இப்படிப்பட்ட பாஸ்புக் கட்டு பல வீட்டு பீரோவில் உண்டு.

முதல் கட்டு, அவருடைய சொந்தப் பணம். சேமிப்புக் கணக்கில் 1,20,000 ரூபாய் இருக்கிறது. மற்றொரு கிளையில் 3,50,000 ரூபாய்க்கு ஃபிக்சட் டெபாசிட், அதில் இதுவரை சேர்ந்த வட்டி 22,000. வட்டியும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அசலே ஐந்து லட்சத்தைத் தொட்டுவிட்டால் வட்டிக்கு இடமில்லை. இவற்றோடு கடையின் பெயரில் நடப்புக் கணக்கில் 80,000 இருக்கிறது. கடைக்குத் தனிப் பெயர், தனி ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருக்கலாம், ஆனால் அவர் ஒருவரே உரிமையாளர் என்பதால் அதுவும் அவருடைய சொந்தப் பணமாகவே எண்ணப்படும். கூட்டாளியோடு சேர்ந்து நடத்தும் நிறுவனமாக இருந்திருந்தால் அது வேறு கட்டு. ஆக மொத்தம் 5,72,000. இதில் 72,000 ரூபாய்க்குக் காப்பீடு இல்லை. கிளை இரண்டு என்பதால் எந்த லாபமும் இல்லை.

அடுத்தது கூட்டுக் கணக்குகள். கணவர் பெயர் முதலிலும் மனைவி பெயர் இரண்டாவதாகவும் ஒரு டெபாசிட், வட்டியோடு 4,10,000. அதே வரிசையில் ஒரு சேமிப்புக் கணக்கு, 1,40,000. இரண்டும் ஒரே கட்டு. மொத்தம் 5,50,000, வெளியே நிற்பது 50,000.

மூன்றாவதாக இன்னொரு கூட்டு டெபாசிட் இருக்கிறது. அதில் மனைவி பெயர் முதலில், கணவர் பெயர் பின்னால். வட்டியோடு 3,05,000. அதே இரண்டு பேர், அதே வீட்டுப் பணம், ஆனாலும் விதிப்படி இது தனிக் கட்டு. பெயர் வரிசை மாறினாலோ, கூட்டில் ஓர் ஆள் மாறினாலோ தனியாக ஐந்து லட்சம் உண்டு. இதில் என்ன நியாயம் என்று எனக்கும் புரிவதில்லை. கழகமே தன் விளக்கத்தில் இதைச் சொல்லியிருப்பதால் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. ‘இருவரில் எவரும் எடுக்கலாம்’ என்ற ஏற்பாடு இங்கே கணக்கில் வராது, வங்கிப் பதிவில் பெயர்கள் எந்த வரிசையில் உள்ளன என்பதே முக்கியம். ரசீதை எடுத்துப் பாருங்கள், நீங்கள் நினைத்த வரிசையில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மகளுக்காக, அவளுடைய காப்பாளர் என்ற முறையில் தந்தை போட்ட ஒரு லட்சம் மகளின் கட்டு, தந்தையின் சொந்தப் பணத்தோடு சேராது. மனைவியின் தனிச் சேமிப்பு 90,000 இன்னொரு கட்டு. இரண்டுக்கும் முழுக் காப்பு.

ஐந்து கட்டுகளிலும் சேர்த்து 16,17,000 ரூபாய் இருக்கிறது. காப்பீடு உள்ளது 14,95,000. இல்லாதது 1,22,000. ‘குடும்பத்தில் மூன்று பேர், மூவைந்து பதினைந்து’ என்று போட்டிருந்தால் ஏறத்தாழ இதே தொகைதான் வந்திருக்கும். அது தற்செயல். எல்லாமே கணவரின் தனிப் பெயரில் இருந்திருந்தால் காப்பு ஐந்து லட்சத்தோடு நின்றிருக்கும்.

நாமினி போட்டால் காப்பு கூடுமா என்று கேட்பார்கள். கூடாது. அவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர், டெபாசிட்தாரர் அல்ல. இரண்டு வங்கிகள் இணைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியன் வங்கியில் ஒன்றும் அலகாபாத் வங்கியில் ஒன்றுமாகப் பிரித்துப் போட்டிருந்தவருக்கு 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது ஒரே வங்கி.

இனி கடன். நம் கடைக்காரர் அந்த ஃபிக்சட் டெபாசிட்டின் மேல் ஒரு லட்சம் கடன் வாங்கியிருந்தால்? வங்கிக்கு வர வேண்டியதை முதலில் கழித்துக்கொண்டு, மிச்சத்துக்குத்தான் ஐந்து லட்ச வரம்பைப் பார்ப்பார்கள். 5,72,000-இல் ஒரு லட்சம் போக 4,72,000. அது வரம்புக்குள் இருப்பதால் முழுதும் கிடைக்கும், கடனும் தீர்ந்துவிடும். கடன் இல்லாதபோது வெளியே நின்ற 72,000 இப்போது கடனை அடைக்கப் பயன்பட்டுவிட்டது. ஐந்து லட்சத்திலிருந்து கடனைக் கழித்து நான்கு லட்சம்தான் வரும் என்று அஞ்சுவோர் உண்டு. கழிக்கும் வரிசை அப்படியில்லை.

காப்பில்லாத 1,22,000-ஐ உள்ளே கொண்டுவரப் பெரிய வித்தை வேண்டாம். மனைவி பெயர் முதலில் உள்ள கட்டில் இன்னும் 1,95,000-க்கு இடம் இருக்கிறது. டெபாசிட் முதிரும்போது அந்த வரிசையில் புதிதாகப் போடலாம், அல்லது வேறு வங்கிக்கு மாற்றலாம். நான் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன். காப்பீடு இருந்தாலும் வங்கி முடங்கும் நாட்களில் வீட்டுச் செலவுக்குப் பணம் வேறெங்காவது இருக்க வேண்டுமே. ரிசர்வ் வங்கி ஒரு வங்கியில் பணம் எடுக்கத் தடை போட்டால் 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்பது 2021-இல் வந்த திருத்தம். முதல் 45 நாட்களுக்குள் வங்கி டெபாசிட்தாரர் பட்டியலைத் தர வேண்டும், அடுத்த 45 நாட்கள் சரிபார்க்கவும் பணம் போடவும். அந்தப் பட்டியலுக்காக, பணம் பெற விருப்பம் தெரிவித்து, வேறு வங்கிக் கணக்கு எண்ணையும் எழுதித் தரச் சொல்வார்கள்.

இத்தனை கணக்கும் காப்பீடு பெற்ற வங்கிகளுக்குத்தான். கூட்டுறவு வங்கிகள் இதில் அடக்கம். ஆனால் ஊரில் நகைக்கடனும் பயிர்க்கடனும் கொடுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கியல்ல, அங்கே போட்ட டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு இல்லை. சிட் ஃபண்டுக்கும் நிதி நிறுவன டெபாசிட்டுக்கும் கிடையாது. பெயர்ப் பலகையில் ‘கூட்டுறவு’ என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். dicgc.org.in தளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது, அதில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கட்டுப் பிரிக்கத் தொடங்கலாம்.